நிறுத்துறதெண்டால் சொல்லிப்போட்டு நிறுத்துங்கோ

உதவி செய்யத் தொடங்குவது எப்படி என்று எங்களுக்கு எல்லாரும் சொல்லித் தருகிறார்கள். நிறுவனத்தின் முகநூல் பக்கம் சொல்லும், பழைய மாணவர் சங்கம் சொல்லும், கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி சொல்லும். ஒரு பிள்ளையின் படிப்புக்கு மாதம் இவ்வளவு, இதுதான் கணக்கிலக்கம், இன்றைக்கே தொடங்குங்கள். ஆனால் அந்த உதவியை நிறுத்துவது எப்படி என்று எவரும் சொல்லித் தருவதில்லை. நிறுத்துவது என்ற ஒன்றே நடக்காது என்பதுபோலத்தான் எல்லாப் படிவங்களும் இருக்கின்றன.

நடக்கிறது. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டபோது டொலர் இருநூறு ரூபா அளவிலிருந்து சில வாரங்களில் முந்நூற்றைம்பதைத் தாண்டியது. மாதச் சம்பளம் அப்படியே நின்றது, அரிசியும் பஸ் காசும் கொப்பியும் நிற்கவில்லை. அந்த வருடம் எங்கள் வயதில் எத்தனை பேர் தாங்கள் பொறுப்பெடுத்த பிள்ளைக்கான காசை நிறுத்தினார்கள் என்று யாரும் எண்ணவில்லை. எனக்குத் தெரிந்தவர்களில் நிறுத்தாதவர்களை எண்ணுவதுதான் சுலபம். அதில் குற்றமில்லை. வீட்டில் அம்மாவுக்கு மருந்து வாங்கக் காசில்லாதவர் கிளிநொச்சியில் ஒரு பிள்ளைக்குக் காசு போடாமல் விட்டால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

என் குறை வேறு. பெரும்பாலானவர்கள் சத்தமில்லாமல் நிறுத்தினார்கள். சிலர் வங்கிக் கட்டளையை ரத்துச் செய்துவிட்டு நிறுவனத்துக்குச் சொல்லவில்லை. சிலர் அதையும் செய்யாமல், கணக்கில் காசில்லாமல் விட்டார்கள். அலுவலகத்திலிருந்து கோல் வந்தால் எடுக்காமல் விட்டவர்களும் உண்டு. கேட்டால், “என்னண்டு சொல்லுறது, வெக்கமாக் கிடக்கு” என்பார்கள். அந்த வெட்கத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

காசு வராவிட்டால் அங்கே என்ன நடக்கிறது

ஒரு சின்ன நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு மாதம் 5,000 ரூபா. மாதத்துக்கு இரண்டு இலட்சம் வர வேண்டும். கணக்குப் பார்ப்பவர் பெரும்பாலும் ஒருவர்தான், அதுவும் பகுதிநேரம். மாத முடிவில் அவர் வங்கிக் கூற்றை எடுத்து, வந்த ஒவ்வொரு 5,000ஐயும் எந்தப் பிள்ளைக்குரியது என்று பதிவேட்டில் அடையாளம் போடுகிறார்.

ஒரு வரி வெறுமையாக இருக்கிறது. அதன் அர்த்தம் என்னவென்று அவருக்குத் தெரியாது. சம்பளம் பிந்தியிருக்கலாம். வங்கியில் பிழைத்திருக்கலாம். காசு வந்தும் இலக்கம் இல்லாமல் வந்திருக்கலாம். அல்லது நிறுத்திவிட்டார்கள். அவர் காத்திருக்கிறார். இரண்டாம் மாதமும் காத்திருக்கிறார். பொது நிதியில் கொஞ்சம் இருந்தால் அதிலிருந்து அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கிறார். மூன்றாம் மாதம் ஒரு வட்ஸ்அப் செய்தி அனுப்புகிறார். இரண்டு நீலக்கோடு விழுகிறது, பதில் இல்லை. அதற்குப் பிறகுதான் புதிதாக ஒருவரைத் தேடத் தொடங்குகிறார்.

நாலு பேர் இப்படிச் சத்தமில்லாமல் நிறுத்தினால் மாதம் 20,000, மூன்று மாதத்துக்கு 60,000 ரூபா ஓட்டை. அதே நாலு பேரும் இரண்டு மாதம் முன்கூட்டியே ஒரு வரி எழுதியிருந்தால் அந்த மூன்று மாதமும் தேடுவதற்கான காலமாக இருந்திருக்கும். நிறுத்தியதால் வந்த நட்டத்தை யாரும் தவிர்த்திருக்க முடியாது. சொல்லாததால் வந்த நட்டம் முழுக்கத் தவிர்த்திருக்கக்கூடியது.

இனிப் பிள்ளையின் பக்கம். ரியூசன் காசு கேட்டு வாத்தியார் பெயர் கூப்பிடுகிறார். அம்மா நிறுவனத்துக்குப் போய்க் கேட்கிறா. “இந்த மாசம் வரேல்ல” என்கிறார்கள். அடுத்த மாதமும் அதே பதில். ‘நான் எழுதின கடிதத்தில் ஏதும் பிழையோ, மார்க்ஸ் குறைஞ்சதாலயோ’ என்று யோசிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கொழும்பில் ஒருவருக்கு வாடகை கூடியதுதான் காரணம் என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது?

இரண்டு கதவையும் சாத்த வேண்டும்

பலர் குழம்புகிற இடம் இது. நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினால் காசு தானாக நிற்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். வங்கியில் நிறுத்தினால் நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும் என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். இரண்டும் பிழை.

இலங்கையில் பெரும்பாலானவர்கள் செய்திருப்பது நிலையியற் கட்டளை, அதாவது ‘ஸ்டாண்டிங் ஓடர்’. அது நீங்கள் உங்கள் வங்கிக்குக் கொடுத்த உத்தரவு. மாதம் இத்தனையாம் திகதி இவ்வளவு காசை இந்தக் கணக்குக்கு அனுப்பு என்பது. நிறுவனத்துக்கு அதில் கை வைக்க வழியில்லை. அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் உங்கள் கட்டளையை அவர்களால் நிறுத்த முடியாது. கிளைக்குப் போயோ வங்கியின் செயலியிலோ நீங்கள்தான் நிறுத்த வேண்டும். ரத்துச் செய்வதைவிட நல்ல வழி, அதே கட்டளைக்கு ஒரு முடிவுத் திகதி போடுவது. கடைசித் தவணை போனதும் அது தானாக முடியும். நீங்கள் ஞாபகம் வைத்திருக்கத் தேவையில்லை.

கணக்கை வெறுமையாக விட்டு நிறுத்துகிற வழியை மட்டும் எடுக்காதீர்கள். கட்டளை உயிரோடுதான் இருக்கும். திகதி வரும்போது காசில்லை என்றால் நிறைவேறாத கட்டளைக்கென்று வங்கி கட்டணம் அறவிடலாம். இரண்டு மாதம் கழித்து உங்கள் கணக்கில் வேறெதற்கோ காசு விழும்போது அந்த 5,000 திடீரென்று போய்விடும். பிறகு நிறுவனத்தைத் திட்டுவீர்கள், அவர்கள் ஒன்றும் செய்யவில்லை.

வெளிநாட்டிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு விடயம் கொஞ்சம் வேறு. பிரித்தானியாவில் ‘டிரெக்ட் டெபிற்’ என்றால் காசை இழுப்பது நிறுவனம், நீங்கள் அனுமதி மட்டும் கொடுத்திருக்கிறீர்கள். அதை வங்கியிலேயே ரத்துச் செய்யலாம், ஆனால் நிறுவனத்துக்கும் எழுத வேண்டும். வங்கி அட்டையில் மாதாமாதம் கழிகிறதென்றால், அட்டை காலாவதியானால் தானாக நிற்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். புதிய அட்டையின் இலக்கத்தை வங்கிகளே புதுப்பித்துக் கொடுக்கிற சேவைகள் இருக்கின்றன. ‘கிஃப்ற் எய்ட்’ படிவத்தில் கையெழுத்து வைத்திருந்தால் அதையும் முடிக்கும்படி கடிதத்தில் ஒரு வரி சேருங்கள்.

ஒரு தோழியின் கடிதம்

வெள்ளவத்தையில் இருக்கிற என் தோழி ஒருத்தி 2023 ஜனவரியிலிருந்து ஒரு பிள்ளைக்கு மாதம் 5,000 ரூபா கொடுத்துவந்தாள். ஒவ்வொரு 25ஆம் திகதியும் வங்கியிலிருந்து போகும். போன வருடம் அப்பாவுக்கு வைத்தியச் செலவு கூடியது. செப்டெம்பரில் முடிவெடுத்தாள், நவம்பர்தான் கடைசி என்று. உடனடியாக நிறுத்தாமல் மூன்று தவணை தள்ளிப் போட்டதற்கு இரண்டு காரணம். நிறுவனத்துக்கு வேறொருவரைத் தேட நேரம் வேண்டும், பிள்ளைக்கு அந்தப் பாடசாலைத் தவணை நடுவில் முறியக்கூடாது. அவள் எழுதியது இதுதான். பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

> மதிப்பிற்குரிய பொருளாளர் அவர்கட்கு,
>
> விடயம்: மாதாந்தக் கல்வி உதவியை நிறைவு செய்தல், பிள்ளையின் பதிவிலக்கம் ...
>
> 2023 ஜனவரி முதல் மேற்படி பதிவிலக்கமுடைய பிள்ளையின் கல்விக்காக மாதம் 5,000 ரூபா வழங்கி வருகிறேன். என் குடும்ப நிலை காரணமாக இதைத் தொடர முடியவில்லை. 2025 நவம்பர் 25ஆம் திகதி அனுப்பும் தொகையே என் கடைசித் தவணையாகும். வங்கிக் கட்டளையை அத்திகதியுடன் முடியும்படி மாற்றியுள்ளேன்.
>
> இவ்வளவு காலமும் பிள்ளையின் தவணை அறிக்கைகளை ஒழுங்காக அனுப்பிவைத்தமைக்கு நன்றி. அவர் கணிதத்தில் முன்னேறியதை ஒவ்வொரு அறிக்கையிலும் பார்த்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.
>
> உதவி நிற்பதற்குப் பிள்ளை எவ்விதத்திலும் காரணமல்ல என்பதை அவருக்கும் தாயாருக்கும் நீங்கள் நேரில் சொல்லவேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைக்கு ஒரு சிறு கடிதம் இத்துடன் இணைத்துள்ளேன்.
>
> பின்வருவனவற்றை எழுத்தில் உறுதிப்படுத்தித் தரவும்: இக்கடிதம் கிடைத்த திகதி, இதுவரை என்னிடமிருந்து கிடைத்த தவணைகளின் எண்ணிக்கையும் மொத்தத் தொகையும், டிசெம்பரிலிருந்து பிள்ளைக்கு என்ன ஒழுங்கு செய்யப்படும் என்பது.
>
> நன்றியுடன்,

இவ்வளவுதான். நான் இதில் கவனித்தது அவள் எழுதாமல் விட்டவற்றை. அப்பாவின் நோய் என்னவென்று எழுதவில்லை. காரணத்தை விரித்து எழுதினால் கடிதம் மன்னிப்புக் கடிதமாகிவிடும், பிறகு அந்தப் பக்கத்திலிருந்து “அப்ப 2,000 எண்டாலும் போடுங்கோவன்” என்று பேரம் தொடங்கும். நிலைமை சரிவந்தால் திரும்பத் தொடங்குவேன் என்றும் எழுதவில்லை. அது நல்ல மனதோடு எழுதப்படுகிற வரிதான், ஆனால் நிறுவனம் அதை நம்பி அந்த இடத்தை வெறுமையாக வைத்திருக்கும், பிள்ளையும் காத்திருக்கும். முடிந்தால் அப்போது புதிதாகத் தொடங்கலாம்.

பிள்ளையின் பெயரை விடயத்தில் போடாமல் பதிவிலக்கத்தைப் போட்டதும் சரியே. அலுவலக மின்னஞ்சலைப் பலர் திறப்பார்கள். எந்தப் பிள்ளைக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பது ஊர் முழுக்கத் தெரியவேண்டிய விடயமல்ல.

நன்றி சொன்ன விதத்தையும் பாருங்கள். ‘தங்கள் சேவை மேன்மேலும் வளர வாழ்த்துகள்’ என்று எல்லாருக்கும் பொருந்துகிற வரி இல்லை. தவணை அறிக்கை ஒழுங்காக வந்தது, கணிதம் முன்னேறியது. அங்கே அந்த அறிக்கையைத் தயாரித்து அனுப்பிய ஒருவர் இருக்கிறார். தன் வேலையை ஒருவர் வாசித்திருக்கிறார் என்பது அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

உறுதிப்படுத்தல் ஏன்?

கடிதத்தின் கடைசிப் பந்தியை எழுதத்தான் பலருக்குக் கை கூசும். “குடுத்ததக் கணக்குக் கேக்கிறதோ, அது தானத்துக்கு அழகில்லையே” என்று அம்மாமார் சொல்லுவினம். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

தோழிக்கு பதினோராம் நாள் பதில் வந்தது. நன்றி, கடிதம் கிடைத்தது, ஓகஸ்ட் வரை 31 தவணை, மொத்தம் 1,55,000 ரூபா என்று. அவள் எண்ணிப் பார்த்தாள். 2023இல் 12, 2024இல் 12, 2025 ஓகஸ்ட் வரை 8. மொத்தம் 32 தவணை, 1,60,000 வர வேண்டும். ஒன்று குறைகிறது.

வங்கிக் கூற்றுகளைப் புரட்டியபோது பிடிபட்டது. 2024 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையோடு அவளுடைய சம்பளம் பிந்தியது, கட்டளை நிறைவேறவில்லை. நாலு நாள் கழித்துக் கைபேசியிலிருந்து தானே அனுப்பியிருக்கிறாள். குறிப்பு இடத்தில் பிள்ளையின் பதிவிலக்கத்தைப் போடாமல் ‘April’ என்று மட்டும் போட்டிருக்கிறாள். அங்கே அது ‘அடையாளம் தெரியாத வைப்பு’ என்று பொதுக் கணக்கில் ஏறிவிட்டது. அந்த மாதம் பிள்ளைக்குக் காசு போகவில்லை. யாரும் களவெடுக்கவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு சொல் பிழைத்ததால் ஒன்றரை வருடமாக ஒரு பிள்ளையின் 5,000 ரூபா வேறு பெட்டியில் கிடந்தது. அவள் வங்கிக் கூற்றின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாள். நிறுவனம் பிள்ளைக்கு அதைக் கொடுத்துவிட்டுத் திருத்திய பதில் அனுப்பியது. உறுதிப்படுத்தல் கேட்டிருக்காவிட்டால் இது ஒருநாளும் வெளியே வந்திராது.

இதைவிட மோசமானவை நடந்திருக்கின்றன. 1998இல் சிக்காகோ ட்ரிபியூன் பத்திரிகை உலகளவில் பிள்ளைகளைப் பொறுப்பெடுக்கும் திட்டங்களைப் பற்றி ஒரு நீண்ட விசாரணையை வெளியிட்டது. அதன் செய்தியாளர்கள் தாங்களே காசு கட்டிப் பிள்ளைகளைப் பொறுப்பெடுத்து, பிறகு அந்தப் பிள்ளைகளைத் தேடிப் போனார்கள். மாலி நாட்டில் ஒரு சிறுமி இறந்த பிறகும் அவள் பெயரில் காசு வாங்கப்பட்டு வந்தது தெரியவந்தது. அது பெரிய, பெயர்பெற்ற நிறுவனம். பதிவேடு களத்துக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது, இடையில் யாரும் கேட்கவில்லை. நிறுத்துகிற நேரம் கேட்பதற்கு இயல்பான ஒரு தருணம். கொடுத்துக்கொண்டிருக்கும்போது கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பார்கள். கணக்கை முடிக்கும்போது கேட்டால் அது கணக்கு.

பதில் வந்ததும் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். கடைசித் தவணைக்கு அடுத்த மாதக் கூற்றை ஒருதடவை பாருங்கள். காசு திரும்பக் கழிந்திருந்தால், நிலையியற் கட்டளை என்றால் வங்கியிடம் போங்கள். டிரெக்ட் டெபிற்றோ அட்டையோ என்றால் நிறுவனத்துக்கும் வங்கிக்கும் ஒரே நாளில் எழுதுங்கள், அந்த உறுதிப்படுத்தல் கடிதம்தான் உங்கள் சாட்சி. இரண்டு வாரமாகியும் பதிலே இல்லையென்றால் அதே கடிதத்தைத் திரும்ப அனுப்புங்கள், இம்முறை பொருளாளருக்கு மட்டுமன்றித் தலைவருக்கும். தொலைபேசியில் “ஓம் ஓம், பாத்துக்கொள்ளுறம்” என்பது உறுதிப்படுத்தல் ஆகாது.

நிறுவனங்களுக்கு

கடைசியாக, மறுபக்கத்துக்கும் சொல்ல இருக்கிறது. நிறுத்துகிறோம் என்று எழுதினவர்களுக்குப் பிள்ளையின் அழுத படத்தை அனுப்பின இடங்கள் எனக்குத் தெரியும். “உங்களை நம்பித்தான் படிச்சவள்” என்று கோல் எடுத்தவர்களும் உண்டு. அப்படிச் செய்கிறவர்கள்தான் அடுத்தவர்களுக்குச் சத்தமில்லாமல் நிறுத்தப் பழக்குகிறார்கள். சொல்லிப்போட்டு நிறுத்தினவருக்குத் தண்டனை, சொல்லாமல் ஓடினவருக்கு நிம்மதி என்றால் யார்தான் சொல்லுவார்கள்?

வெட்கத்தைக் குறைக்கிறது நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. சேரும் படிவத்திலேயே ஒரு பந்தி போடுங்கள்: நிறுத்தவேண்டி வந்தால் இரண்டு மாதம் முன்னர் இந்த முகவரிக்கு எழுதவும், பத்து நாளில் பதில் தருவோம், உங்கள் காரணத்தைக் கேட்கமாட்டோம். ஒரு பிள்ளையின் முழுப் படிப்பையும் ஒரு மனிதரின் சம்பளத்தில் கட்டித் தொங்கவிடாமல், இரண்டு மாதக் காசையாவது பொது நிதியில் ஒதுக்கி வையுங்கள். கொடுப்பவர் மாறலாம் என்பதைப் பிள்ளைக்கும் வீட்டுக்கும் முதல் நாளே சொல்லுங்கள்.

தோழிக்கு டிசெம்பரில் நிறுவனத்திலிருந்து இன்னொரு சின்னக் கடிதம் வந்தது. கடைசித் தவணை கிடைத்தது, மொத்தம் 35 தவணை, 1,75,000 ரூபா, பிள்ளைக்கு ஜனவரியிலிருந்து புதிதாக ஒருவர் பொறுப்பெடுக்கிறார் என்று மூன்று வரி. மூன்று மாத அவகாசம் இருந்ததால் கிடைத்த ஆள் அவர். சத்தமில்லாமல் நிறுத்தின யாருக்கும் அந்த மூன்று வரி வந்ததில்லை. அவர்கள் விட்டுவந்த பிள்ளைக்கு என்ன நடந்தது என்று அவர்களுக்கு இன்றைக்கும் தெரியாது.